நேர்க்கோட்டில் விழும் விரிசல்

போர்டிகோவுக்கு அடியில் சீலிங் போட்டு, பெயிண்டும் அடித்தாயிற்று. ஒரு மழைக்காலம் கடந்ததும், அடிக்கோல் வைத்துக் கிழித்தது போல நேராக ஒரு விரிசல். இப்படி நேராக ஓடினால் பெரும்பாலும் பலகை உடையவில்லை, ஜாயிண்ட் விட்டுவிட்டது என்றுதான் அர்த்தம்.

சிமெண்ட், நுண்மணல், மரக்கூழ் நார் மூன்றையும் சேர்த்துத் தகடாக்கி, அழுத்த நீராவியில் பதப்படுத்துவதுதான் ஃபைபர் சிமெண்ட் போர்டு. (ஆஸ்பெஸ்டாஸ் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள்.) ஜிப்சம் பலகை நனைந்தால் ஊறித் தொங்கிவிடும், இது தொங்காது. அதனால் குளியலறை, பால்கனி, போர்டிகோ, வெளிச்சுவர் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஈரமே எட்டாத ஹாலுக்கு என்னைக் கேட்டால் ஜிப்சமே போதும் என்பேன். எட்டுக்கு நான்கு அடியில் 6 மி.மீ. ஃபைபர் சிமெண்ட் பலகை சுமார் 25 கிலோ இருக்கும். தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

ஊறாதே தவிர, ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சும்போது இம்மியளவு விரியும், காய்ந்தால் சுருங்கும். ஜாயிண்ட் வேலை முழுவதும் இந்த அசைவுக்கு இடம் கொடுப்பதில்தான் இருக்கிறது.

பன்னிரண்டுக்கு எட்டு அடி போர்டிகோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று பலகை, நடுவில் இரண்டு ஜாயிண்ட். பலகைகளை ஒட்ட வைத்துவிட்டால் விரிய இடமில்லை. நடுவே 3 மி.மீ. விட வேண்டும், சுவரோரத்திலும் கொஞ்சம் விட வேண்டும். அதற்காகக் கடைசிப் பலகையைச் சற்று அறுக்க நேரும். அறுக்கும்போது பறப்பது சிலிக்கா தூசி, நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, நனைத்து அறுப்பது நல்லது. ஸ்க்ரூ ஓரத்திலிருந்து 12 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும், இல்லையேல் விளிம்பு பெயரும்.

ஜாயிண்ட் தெரியக் கூடாது என்றால் ஓரம் சரிந்த பலகையாகக் கேட்டு வாங்க வேண்டும். இடைவெளியில் ஃபைபர் சிமெண்டுக்கென்றே விற்கும் ஜாயிண்ட் கலவையை அழுத்தி நிரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி நார் மெஷ் டேப்பைப் பதித்து, காய்ந்தபின் இன்னும் அகலமாக ஒரு பூச்சு, பிறகு உப்புத்தாள். சாதாரண சுவர் பட்டியைத் தடவினால்தான் முதலில் சொன்ன விரிசல். நேர் ஓரப் பலகையில் டேப் ஒட்டினால், மாலையில் பக்கவாட்டில் விளக்கு போட்டதும் அந்த இடம் மேடாகத் தெரியும்.

வெளிச்சுவரில் ஜாயிண்டை மறைக்கவே முயல வேண்டாம். வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் இடத்தில் டேப்பும் கலவையும் நெடுநாள் தாங்காது. 6 மி.மீ. இடைவெளியைக் கோடாகவே விட்டு, பெயிண்ட் பிடிக்கும் பியூ சீலண்ட் நிரப்பலாம். சிலிக்கோன் மேல் பெயிண்ட் நிற்காது. நிரப்பும் முன் பின்னாலுள்ள சேனல் மேல் வழுவழுப்பான டேப் ஒன்றை ஒட்டுவார்கள் விவரம் தெரிந்தவர்கள். சீலண்ட் இரண்டு பலகை ஓரத்தையும் மட்டும் பிடித்தால் ரப்பராக இழுபடும். சேனலையும் சேர்த்துப் பிடித்தால் கிழியும்.