‘பார்க்கலாம்’ என்பது பதில் இல்லை

எங்க செய்யூர் கிளையில கணக்கு பார்க்கிறவர் செங்கல்பட்டுக்கு மாற்றல் கேட்டார். அவர் அம்மாவுக்கு அங்கேதான் சிகிச்சை. "பார்க்கலாம்"னு சொல்ல வாய் வந்துச்சு. ஆனா அப்படிச் சொன்னா மாசக்கணக்கில காத்திருப்பார், அப்புறம் வேற வேலை தேடிப் போயிடுவார்.

அதனால தனியா உட்கார்ந்து பேசினேன்: "இப்போ முடியாதுங்க. அங்கே கணக்குப் பிரிவில இடம் காலியில்லை. இங்கேயும் மாசக் கடைசிக் கணக்கை முடிக்கத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். உங்க வேலையில எந்தக் குறையும் இல்லை."

இரண்டாவது காரணத்துக்கு நான்தான் பொறுப்பு. நல்லா வேலை செய்றவரை அதுக்காகவே கட்டிப்போட முடியுமா? மூணு மாசத்துல இன்னொருத்தரைப் பழக்குறேன்னு சொன்னேன். அந்தப் புது ஆள் இவர் உதவியில்லாம ஒரு மாசக் கணக்கை முடிச்சிட்டா, இந்தத் தடை நீங்கிடும்.

செங்கல்பட்டுல இடம் காலியானா, வெளியே விளம்பரம் போறதுக்கு முன்னாடி அவருக்குத் தகவல் வரும். இடம் கிடைக்கும்னு மட்டும் வாக்கு கொடுக்கலை, அது என் கையில இல்லை. சிகிச்சை நாள்ல மதியத்துக்கு மேல வந்தா போதும்னு ஏற்பாடு. எல்லாத்தையும், அடுத்து பேசப்போற தேதியோட, அன்னிக்கே மெயில்ல எழுதி அனுப்பினேன்.