ஆட்ட நாள் அறிவிப்புக் குழு

இரவில் மழை பெய்து ஆடுகளம் நனைந்துவிட்டால், ஞாயிறு காலை 9 மணி ஆட்டம் நடக்குமா என்பதை மைதான ஊழியர் பார்த்துச் சொன்ன பிறகே கிரிக்கெட் கிளப் செயலாளரால் அறிவிக்க முடியும். வழக்கமான வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி காலை வணக்கங்களுக்கு நடுவே புதைந்துபோகும். பிராட்காஸ்ட் பட்டியலும் முழுத் தீர்வல்ல. செயலாளரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமிக்காதவர்களுக்கு அது போய்ச் சேராது. அதனால்தான் அட்மின்கள் மட்டுமே எழுதக்கூடிய தனிக் குழு.

அதில் சேர, செயலாளர் அனுப்பும் அழைப்பு இணைப்பைத் தொட்டு ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் இணைப்பு வெளியே பரவினால் முன்பின் தெரியாதவரும் நுழையலாம். அட்மின் அனுமதித்த பிறகே சேரும்படி அமைத்துவிடுவது நல்லது. பரவிய இணைப்பை ரத்து செய்து புதியதை அனுப்பவும் வழி உண்டு.

அறிவிப்பில் முடிவு முதலில் வர வேண்டும்: ‘ஆட்டம் உண்டு. தொடக்கம் 11 மணி. 10 மணிக்கு மைதானத்தில் இருக்கவும். வெள்ளைச் சீருடை.’ ‘மழை, பார்ப்போம்’ என்பது அறிவிப்பே அல்ல. குழுவை மியூட் செய்திருப்பவருக்குச் செய்தி வந்த ஒலி கேட்காது; உறுப்பினர்கள் முந்தைய இரவே அதை நீக்கிவிட வேண்டும்.