ஆறிய வண்டி பொய் சொல்லாது

மச்சான் கோவை கணபதியில் ஒரு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக்கைப் பார்த்து வைத்திருந்தான். மீட்டரில் 62,000 கிலோமீட்டர். நாங்கள் போனபோது பானெட் மேல் கை வைத்தேன், சுட்டது. "இப்பத்தானுங்க ஒரு பார்ட்டி ஓட்டிப் பாத்துட்டுப் போனாங்க" என்றார் புரோக்கர். இருக்கலாம். ஆனால் கியர் பாக்ஸ் தேய்ந்திருந்தால் அது அதிகம் காட்டிக்கொடுப்பது ஆறிக் கிடக்கும்போதுதான். ஆயில் கெட்டியாக இருக்கிற முதல் சில நிமிடங்களில் முரண்டு பிடிக்கும் கியர், சூடேறியதும் சாதுவாகிவிடும். "காலையில ஏழு மணிக்கு வர்றோம், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் பானெட் ஜில்லென்றிருந்தது. ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் விட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துக் காது கொடுத்தேன். அப்போது ஒரு இரைச்சல் கேட்டு, பெடலை அழுத்தியதும் அது நின்றால், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். நேர்மாறாக, அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளட்சின் ரிலீஸ் பேரிங். பெடல் ஒன்றுதான், அது கைகாட்டும் செலவோ வேறு வேறு. இந்த வண்டியில் இரண்டுமே இல்லை.

அடுத்து ரிவர்ஸ். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. சின்க்ரோ என்பது பற்கள் சேர்வதற்கு முன் இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கும் பித்தளை வளையம். அது இல்லாததால், கிளட்ச் முழுசாக விடுபடாவிட்டால் ரிவர்ஸ்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பெடலை அடிவரை மிதித்து, மூன்று நொடி பொறுத்துப் போட்டேன், கரகரப்பில்லாமல் விழுந்தது. ஆக, கிளட்ச் சரியாக விடுபடுகிறது.

விடுபடுவது சரி, பிடிக்கிறதா? பெடலை மெல்ல விட்டால் வண்டி பாதி வழியில் நகர வேண்டும். இது கால் கிட்டத்தட்ட மேலே வந்த பிறகுதான் நகர்ந்தது. கேபிள் கிளட்ச் என்றால் கேபிளைத் திருகி இதைக் கீழே இறக்கிவிடலாம். ஹைட்ராலிக் கிளட்ச் தேய்மானத்தைத் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் பெடல் உயரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

தீர்ப்பு காந்திபுரம் மேம்பாலத்தில் கிடைத்தது. ஏற்றத்தில் நாலாவது கியர், 45 கிலோமீட்டர் வேகம், ஆர்.பி.எம். முள் 1,600 பக்கத்தில். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தேன். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறிக்கொண்டே வேகமும் ஆர்.பி.எம்.மும் ஒன்றாக ஏறும். இங்கே முள் 2,300க்குத் தாவியது. வேகம் 45லேயே நின்றது. எஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகாமல் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கருகிய வாடையும் லேசாக வந்தது. இந்தச் சோதனையை முதல் கியரில் செய்து பயனில்லை. அதில் கிளட்சுக்கு வரும் சுமை குறைவு, தேய்ந்த பிளேட்கூடத் தாங்கிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு எஞ்சின் நிற்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. அடுத்தவர் வண்டியில் எனக்கு அதில் மனசு ஒப்புவதில்லை.

"கிளட்ச் போச்சுன்னா விலையில குறைச்சுக்கலாம்ல?" என்றான் மச்சான். குறைக்கலாம். கிளட்ச் செட் என்ன விலை, இறக்கி ஏற்றக் கூலி என்ன என்று பட்டறையில் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். என்னை உறுத்தியது வேறு. மேம்பாலம் ஏறுவதற்கு முன்பே, கிளம்பின இரண்டாவது நிமிடத்தில், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கர்ர்' என்று கடித்தது. இன்னொரு முறை இறக்கினேன், மறுபடியும் கடித்தது. எல்லா கியரும் கடித்தால் கிளட்ச் மேல் பழி போடலாம். ரிவர்ஸ் சுத்தமாக விழுந்து, இரண்டு மட்டும் கடித்தால் அந்த கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. இருபது நிமிடம் ஓடித் திரும்பியபோது அதே இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. முந்தைய நாள் சூடான வண்டியை ஓட்டியிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது.

கியரில் இருக்கும்போதே நழுவி நியூட்ரலுக்கு வருகிறதா என்றும் பார்த்தேன். லீவரில் கை வைக்காமல், ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலரேட்டரை அழுத்தி, சட்டென்று விட வேண்டும். எதுவும் கழன்று வரவில்லை.

பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "கிளட்ச் மாத்த எப்படியும் பாக்ஸை இறக்கணும். ஆனா பாக்ஸைப் பிரிச்சா உள்ளே என்னென்ன கெடக்குதுன்னு இப்பவே சொல்ல முடியாதுங்க" என்றார். மச்சான் கிளட்ச் செலவை முழுசாகக் கழித்து, அதற்கு மேல் பாக்ஸுக்கென்று ஒரு தொகையையும் கழித்து விலை சொன்னான். புரோக்கர் கிளட்சுக்கு ஒத்துக்கொண்டார், கியர் பாக்ஸுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.