செக்யூர் பூட் சான்றிதழுக்காகக் கணினிகள் நிறுத்தப்படும்போது

அலுவலகக் கணினிகளின் ஃபர்ம்வேரையும் செக்யூர் பூட் சான்றிதழ்களையும் புதுப்பிக்க இரண்டு மணி நேரம் கணினிகள் நிறுத்தப்படும் என்று ஐடி நிர்வாகி ஊழியர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல், 2011இல் வழங்கப்பட்ட சில சான்றிதழ்களின் காலம் முடிவதால் எழுதப்படுவது. விண்டோஸ் கணினியில் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் இயங்குவது மதர்போர்டில் பதிந்துள்ள ஃபர்ம்வேர். விண்டோஸைத் துவக்கும் நிரலில் நம்பகமான கையொப்பம் உள்ளதா என்று பார்த்த பிறகே அதை இயங்க விடும். இந்தச் சோதனைதான் செக்யூர் பூட். இதற்கு ஆதாரமான மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் ஃபர்ம்வேருக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றில் சில 2026 ஜூனிலும், விண்டோஸின் துவக்க நிரலுக்குரியது அக்டோபரிலும் காலாவதியாகின்றன. 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன.

காலாவதி நாளன்று கணினி நின்றுவிடாது. இதை மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீண் பயம் பரவும். பழைய சான்றிதழோடும் விண்டோஸ் துவங்கும், வழக்கமான அப்டேட்களும் வரும். ஆனால் துவக்க நிரலில் பின்னர் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அந்தக் கணினிக்குக் கிடைக்காது. பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல், முறையான கையொப்பம் இருந்தும் ஓட்டை கொண்ட பழைய துவக்க நிரலைப் பயன்படுத்தித்தான் செக்யூர் பூட்டைத் தாண்டியது. விண்டோஸுக்கு முன்பே இயங்கிவிடுவதால் ஆன்ட்டிவைரஸையே அதனால் முடக்க முடிந்தது.

வேலையில் வரிசை மாறக்கூடாது. முதலில் ஃபர்ம்வேர், அடுத்து சான்றிதழ்கள், கடைசியில் புதிய கையொப்பமுள்ள துவக்க நிரல். கணினித் தயாரிப்பாளரின் புதிய ஃபர்ம்வேரில், தொழிற்சாலை அமைப்பிலேயே 2023 சான்றிதழ் சேர்க்கப்பட்டிருக்கும். அது இல்லாமல் துவக்க நிரலை மட்டும் மாற்றிய கணினியில், பின்னாளில் யாராவது செக்யூர் பூட் அமைப்பைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால், புதிய கையொப்பத்தை ஃபர்ம்வேர் அடையாளம் காணாது. கணினி துவங்க மறுக்கும்.

ஊழியர்களுக்கு நேரடியாகத் தொல்லை தரக்கூடியது பிட்லாக்கர். வன்தட்டைப் பூட்டி வைக்கும் இந்த வசதியின் சாவியை டிபிஎம் என்ற சில் பாதுகாக்கிறது. கணினி துவங்கும் விதம் மாறியிருப்பதைக் கண்டால் சில் சாவியைத் தராது. ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதும் அப்படியொரு மாற்றமே. அப்போது நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படும். இதைத் தவிர்க்க, வேலைக்கு முன் நிர்வாகி பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பார். கீழேயுள்ள கட்டளைப்படி இரண்டு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அது தானாகவே திரும்ப இயங்கும்.

```
Suspend-BitLocker -MountPoint "C:" -RebootCount 2
```

இதற்குப் பிறகும் ஏதாவது ஒரு கணினியில் அந்தத் திரை வரலாம். அதனால் மீட்புச் சாவிகள் எல்லாம் அலுவலகத்தின் மையப் பதிவில் உள்ளனவா என்பதை மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன்பே நிர்வாகி பார்த்துவிட வேண்டும். ஊழியர் செய்யவேண்டியது ஒன்றுதான்: திரையில் தெரியும் சாவி அடையாளக் குறியீட்டை நிர்வாகியிடம் தொலைபேசியில் படித்துச் சொல்வது.

ஐம்பது கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தில் சனிக்கிழமை மாலை 6 முதல் 8 வரை வேலை நடப்பதாக வைத்துக்கொண்டால், மின்னஞ்சலின் நடுப்பகுதி இவ்வளவு இருந்தால் போதும்:

“மாலை 5.30க்குள் கோப்புகளைச் சேமித்து மூடிவிடுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் இணைத்து மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள். வேலை நடக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாக இருக்கும், கணினி இரண்டு மூன்று முறை தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தவோ மின் இணைப்பைப் பிடுங்கவோ வேண்டாம். இதற்காக உங்கள் பாஸ்வேர்டை யாரும் கேட்க மாட்டார்கள்.”

ஃபர்ம்வேர் எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம். பல லேப்டாப்கள் சார்ஜர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே மறுப்பதற்கு அதுதான் காரணம். பாஸ்வேர்ட் பற்றிய வரியை விட்டுவிடக்கூடாது. இப்படிப்பட்ட அறிவிப்பைப் போலவே போலி மின்னஞ்சல் அனுப்பி ஏமாற்றுவது எளிது.

ஐம்பதையும் ஒரே மாலையில் தொடுவதும் சரியல்ல. ஒவ்வொரு மாடலிலும் ஒரு கணினியை முந்தைய வாரமே புதுப்பித்துப் பார்த்தால், எந்த மாடல் மீட்புச் சாவி கேட்கிறது, எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். அறிவிப்பில் போடும் நேரத்தை அதைக் கொண்டே முடிவு செய்யலாம்.

வேலை முடிந்ததை விண்டோஸின் சிஸ்டம் பதிவேட்டில் காணலாம். 1808 என்ற எண்ணுள்ள நிகழ்வு பதிவாகியிருந்தால் புதிய சான்றிதழும் துவக்க நிரலும் ஏறிவிட்டன. 1801 என்றே தொடர்ந்து வந்தால் வேலை இன்னும் முடியவில்லை. சான்றிதழ் ஏறுவதற்கும் துவக்க நிரல் மாறுவதற்கும் இடையே மற்றொரு ரீஸ்டார்ட் தேவைப்படலாம் என்பதால், சில கணினிகள் திங்கட்கிழமை காலையில்தான் 1808ஐக் காட்டும். அன்று விடுப்பிலோ வெளியூரிலோ இருப்பவர்களின் லேப்டாப்களுக்கு இன்னொரு தேதியை அதே மின்னஞ்சலிலேயே குறித்துவிட வேண்டும்.