வெளக்கா, விளக்கா?

சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி பாட வேண்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் சொன்ன நாளில் வரவில்லை. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். இசையமைப்பாளர் கொடுத்த மெட்டு ‘தனாதான தானதானா’. அதில் எட்டு ஒலிகளுக்குத்தான் இடம்.

‘விளக்கேற்றி வைத்திருக்கிறேன்’ என்று எழுதினால் ஒன்பது ஒலிகள் வருகின்றன. பாடகி அவசரமாக விழுங்கினால்தான் வரி முடியும். ‘வெளக்கேத்தி வச்சிருக்கேன்’ எட்டில் அழகாக உட்கார்ந்துகொள்கிறது. சென்னைக்காரருக்கும் நாகர்கோவில்காரருக்கும் அது உடனே புரியும். ‘வைத்திருக்கிறேன்’ என்பதை எல்லா ஊரிலும் சுருக்கித்தான் பேசுகிறோம். அதனால் கிராமத்தை முதலில் வினைச்சொல்லில் வைப்பது நல்லது. மண்வாசனையும் வரும், பொருளும் தப்பாது.

புருஷனை மரியாதையாகச் சொல்லும்போது அவள் ‘வந்தாக’ என்பாள். திருநெல்வேலிக்காரி என்றால் ‘வந்தாவ’. கொங்குப் பெண் என்றால் ‘ஏனுங்க’ என்று கூப்பிடுவாள். ‘ஏனுங்க’வும் ‘வந்தாக’வும் ஒரே வாயில் வந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊரே இல்லாமல் போய்விடும். இந்தக் கலப்படம்தான் கிராமத்துப் பாட்டுகளில் அடிக்கடி நடக்கிற பிழை.

கேட்பவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் பெயர்ச்சொல்லில்தான். வடக்கே ‘ஏரி’ என்பதை அவள் ஊரில் ‘கம்மா’ என்பார்கள். ‘கம்மாப் பக்கம் நின்னேனே’ என்றால் வெளியூர்க்காரருக்கு அது ஆளா, இடமா என்றே தெரியாது. ‘கம்மாத் தண்ணி வத்திப்போச்சே’ என்று எழுதிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் தண்ணீரே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறது. ஒரு சரணத்துக்கு இப்படி ஒரு வட்டாரச் சொல் போதும். படத்தில் கம்மாயைக் காட்டிவிடலாமே என்று நினைக்கக் கூடாது; வானொலியில் கேட்பவருக்குப் படம் இல்லை.

கிராமத்தாள் என்பதற்காக எல்லாச் சொல்லையும் சிதைக்கவும் வேண்டாம். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அன்றாடப் பேச்சில் வராத மரகதமும் முத்தும் பவளமும் தாராளமாக வரும். துக்கம் முற்றும் இடத்தில் அவள் பாட்டு அப்படி உயர்வது இயல்பு. ஆனால், அப்போதும் வினைச்சொல் அவள் ஊர்ப் பேச்சிலேயே இருக்க வேண்டும். ‘முத்தே உதிர்ந்தனையோ’ என்றால் வேறு யாரோ பாடுவது போலாகிவிடும். ‘முத்தே உதிந்தாயோ’ என்றால் அவளே அழுகிறாள்.

எழுதி முடித்ததும், காகிதத்தைக் காட்டாமல் வெளியூர்க்காரர் ஒருவருக்கு மெட்டோடு ஒருமுறை பாடிக் காட்ட வேண்டும். யார், யாருக்காக, ஏன் காத்திருக்கிறார் என்று அவர் சொல்லிவிட்டால், ‘கம்மா’ மட்டும் விளங்காமல் போனாலும் பாதகமில்லை. கதையே பிடிபடவில்லை என்றால், அவர் தடுமாறிய சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லை முதலில் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் வட்டாரச் சொல்லை எடுக்க வேண்டிய அவசியமே வராது.