உங்களுக்குத் தெரியுமா? தைராய்டு குறைவும் கிரியேட்டின் பவுடரும்

திருமழிசையில் ஜிம்முக்குப் போகும் ஒருவர், தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுபவர், தினம் 5 கிராம் கிரியேட்டினும் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4 என்று வருகிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டதா? அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. கிரியேட்டின் சிதைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அந்த அளவு ஏறும். மாத்திரை அளவு சரியானதும் பெரும்பாலும் இறங்கும். எது காரணம் என்று பிரித்தறிய, பவுடரைத் தொடங்கும் முன்பே டி.எஸ்.எச்., கிரியேட்டினின் இரண்டையும் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். டி.எஸ்.எச். கட்டுக்குள் வரும்வரை பவுடரைத் தள்ளிப்போடுவதே நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம். இன்னொன்று, டப்பாவின் லேபிளைப் படியுங்கள்: கால்சியமோ இரும்புச்சத்தோ கலந்திருந்தால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.