தட்டுக்குள் ஓடும் மித்தி

பாடம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பின்னறைக்குள் நுழைய எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! நீங்களும் வாருங்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள், உள்ளே தரையெல்லாம் மணல்.

நடுவில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளைவுட் தட்டு. உள்ளே பிளாஸ்டிக் விரித்து, ஒரு முனையில் ஓட்டை போட்டு, ரப்பர் குழாயைக் கீழே பக்கெட்டுக்குள் விட்டிருக்கிறார்கள். மூலையில் இரண்டு சிறுமிகள் சல்லடையோடு உட்கார்ந்து மணலைச் சலிக்கிறார்கள். தலைமுடி வரைக்கும் தூசி. டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் தண்ணீர் தெளிக்கிறார். "கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது." காய்ந்த மணல் ஊற்றும் நீரையெல்லாம் குடித்துவிடும். தண்ணீர் அதிகமானால் கரை கூழாகிச் சரியும்.

இன்று தட்டில் உருவாகப்போவது மித்தி ஆறு. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் இடத்தில் பிறந்து, குர்லா, கலீனா வழியாகத் தாராவியின் ஓரத்தைத் தொட்டு, மாஹிம் கழிமுகத்தில் கடலில் சேரும் நம்ம ஆறு.

ஒத்திகை! தலைமாட்டில் ஒரு செங்கல்லைச் செருகி, மூடியில் ஊசித்துளைகள் போட்ட பாட்டிலைக் கவிழ்க்கிறான் ஒருவன். நீர் நேராகப் பள்ளம் பறித்துக்கொண்டு பாய்கிறது. சரிவு அதிகம். செங்கல்லை எடுத்துவிட்டு இரண்டு நோட்டுப் புத்தகங்களை வைக்கிறார்கள். இப்போது நீர் நிதானமாக வருகிறது, ஆனால் வளையவில்லை. ஏழெட்டுக் கிளைகளாகப் பிரிந்து பின்னிக்கொண்டு அகலமாகப் பரவுகிறது. வெறும் மணலுக்குப் பிடிப்பு கிடையாது, அதனால் கரை நிற்காது. கரை நிற்காத ஆறு வளைவுகளைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது.

"ஏலே, மண்ணு எங்கே?" என்கிறார் டீச்சர். மூச்சிரைக்க ஓடி வருகிறான் ஒரு பையன், கையில் கும்பார்வாடா குயவர்களிடம் வாங்கிய களிமண் உருண்டை. "மாமா சும்மாவே கொடுத்துட்டாரு டீச்சர்!" எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஐந்து கை மணலுக்கு ஒரு கை களிமண் என்று பிசைந்து, கரைகளைக் கட்டி, தொடக்கத்திலேயே லேசாக ஒரு வளைவு வைத்துவிடுகிறார்கள்.

மணி அடிக்கிறது. வகுப்பே தட்டின் மேல் கவிழ்ந்து நிற்கிறது. பாட்டில் பிடித்தவனின் கை நடுங்குகிறது, முகமெல்லாம் வியர்வை. வளைவின் வெளிக்கரையில் நீர் மோதி, துண்டுதுண்டாக அறுத்து விழுத்துகிறது. உள்கரையில் வேகம் குறைய, மணல் திட்டாகப் படிகிறது. "அங்க தின்னுட்டு இங்க துப்புது!" என்று ஒருத்தி கத்த, வகுப்பு அதிர்கிறது. டீச்சரும் சிரிக்கிறார். இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது விமான நிலையம். நிஜத்தில் ஓடுபாதைக்காக மித்தியைச் செங்கோணமாகத் திருப்பியிருக்கிறார்கள். எடுத்து வைத்த அதே செங்கல் இப்போது குறுக்கே ஓடுபாதையாகிறது. நீர் முட்டி, மேட்டுப் பக்கம் பின்வாங்கித் தேங்குகிறது. டீச்சர் கீழ்முனைக் குழாயை விரலால் அடைத்து, கடல்மட்டம் உயர மேலும் நீர் ஊற்றச் சொல்கிறார். "இதுதான் ஓதம். இப்ப மழை!" மூன்று பாட்டில்கள் ஒன்றாகக் கவிழ்கின்றன. வெளியே போக வழியில்லாத ஆறு கரையேறி, தாராவி என்று எழுதி நட்டிருந்த தீக்குச்சிக் கொடியைச் சாய்க்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதும் கடல் ஏறித்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் வீட்டில் கேட்ட கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். இதற்கு நேரம் ஒதுக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடைசியில் வரைபடம். குழாயை முடிச்சுப் போட்டு அடைத்து, நீலம் கலந்த நீரை ஒரு சென்டிமீட்டர் உயரம் ஊற்றி, அது தொடும் விளிம்பில் நூல் போடுகிறார்கள். இன்னொரு சென்டிமீட்டர், இன்னொரு நூல். நாற்காலி மேல் ஏறி மேலிருந்து பார்த்தால், அடடா, சமவுயரக் கோடுகள்! ஆறு ஓடும் இடத்தில் ஒவ்வொரு நூலும் கூம்பாக வளைந்து மேட்டுப் பக்கம் கைகாட்டுகிறது. உடனே சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தை விரித்து, அதே வளைவுகளைத் தேடி விரல்கள் ஊர்கின்றன.

அந்த வரைபடத்தின் அளவுத்திட்டம் 1:50,000. அதாவது 2 சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். மித்தியின் நெளிவுகள் மேல் நூலைப் படியவைத்து, நீட்டி, ஸ்கேலில் அளக்கிறாள் ஒரு சிறுமி: 36. ஆக, 18 கிலோமீட்டர். பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு 31தான் வந்திருக்கிறது. சண்டை மூள்கிறது. அவன் வளைவுகளில் நூலைக் குறுக்கே இழுத்துவிட்டான் என்பதை அவளே கண்டுபிடித்து, மறுபடி அளக்க வைக்கிறாள். இதற்குள் டீச்சர் பக்கெட் மணலைத் திரும்பத் தட்டில் கொட்டத் தொடங்கிவிட்டார். அடுத்த வகுப்பு வாசலில் முண்டியடிக்கிறது.